கொட்டாவி டப்பா: போலி விளம்பர ஸ்கிரிப்ட்டில் சிரிப்பு எங்கே நழுவுகிறது?

வேணி_எழுத்து

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஆண்டு விழா மேடைக்கு இரண்டு நிமிடத்தில் ஒரு போலி விளம்பரம் எழுதுகிறேன். டிவியில் நடு இரவில் ஓடுமே, டெலிஷாப்பிங், அந்த பாணி. பொருளின் பெயர் கொட்டாவி டப்பா. பகலில் வேண்டாத நேரத்தில் கொட்டாவி வருகிறது, இரவில் தூக்கம் வரவேண்டிய நேரத்தில் வருவதில்லை. அதனால் பகலில் வருவதை ஒரு டப்பாவில் பிடித்து மூடிவைத்து, இரவில் திறந்து பயன்படுத்திக்கொள்ள வேண்டியது. இவ்வளவுதான் கண்டுபிடிப்பு.

படித்தவர்கள் எல்லோரும் "ஐடியா சூப்பர்" என்கிறார்கள். ஆனால் வாசிக்கும்போது ஒருவரும் சிரிப்பதில்லை. தொடக்கம் இப்படி இருக்கிறது:

> அறிவிப்பாளர்: வணக்கம் மக்களே! உலகத்திலேயே முட்டாள்தனமான கண்டுபிடிப்பைப் பார்க்கத் தயாரா? இதோ, கொட்டாவி டப்பா! இது வேலை செய்யுமா? செய்யாது! ஆனாலும் நீங்கள் வாங்குவீர்கள், ஏனென்றால் நாங்கள் சத்தமாகப் பேசுகிறோம்!

அறிவிப்பாளர் ஒருவர், நடிக்க இரண்டு பேர், மேசை, நாற்காலி, விளக்கை ஏற்றி இறக்க ஒரு ஆள். கையில் இருப்பது இவ்வளவுதான். எங்கே தவறுகிறது என்று சொல்லுங்கள்.

கலகல_மணி

ஐடியா அருமை. எனக்குத் தோன்றுவது, இது இன்னும் பத்தாது. டப்பாவிலேயே அலாரம், டார்ச், முதுகு சொறியும் குச்சி, கூடவே கைப்பேசி சார்ஜர் என்று அடுக்கிக்கொண்டே போங்கள். டெலிஷாப்பிங் என்றாலே மிகைதானே. எவ்வளவு மிகையோ அவ்வளவு சிரிப்பு. அறிவிப்பாளரும் நடுநடுவே ஜனங்களைப் பார்த்துக் கண்ணடிக்க வேண்டும்.

டப்பிங்_தாத்தா

மணி சொன்னதில் பாதி சரி. இந்த வகை விளம்பரம் மிகையில்தான் ஓடுகிறது. ஆனால் மிகை குரலிலும் வாக்குறுதியிலும் இருக்க வேண்டும், பொருளில் அல்ல. டார்ச்சும் சார்ஜரும் சேர்ந்தால் டப்பா வெறும் கலவைச் சாமான் ஆகிவிடும், கொட்டாவி மறந்துபோகும்.

பல வருடம் இந்த மாதிரி விளம்பரங்களுக்குத் தமிழ்க் குரல் கொடுத்தவன் நான். உடற்பயிற்சிக் கருவி, காய் நறுக்கி, கறை நீக்கி எல்லாம் பேசியிருக்கிறேன். அதில் கற்றதைச் சொல்கிறேன்.

விற்பவருக்குத் தன் பொருள் கேலிக்குரியது என்று தெரியவே கூடாது. வேணியின் அறிவிப்பாளர் முதல் வரியிலேயே "முட்டாள்தனமான" என்று சொல்லிவிட்டார். ஜனங்கள் தாங்களாகக் கண்டுபிடித்துச் சிரிக்க வேண்டியதை அவரே எடுத்துக்கொண்டார். கண்ணடிப்பதும் அதே தவறுதான்.

இரண்டாவது, ஒரே ஒரு பொய்தான் இருக்க வேண்டும். கொட்டாவியைப் பிடித்துச் சேமிக்க முடியும் என்பதே அந்தப் பொய். அதை ஒப்புக்கொண்ட பிறகு மற்றதெல்லாம் கறாரான தர்க்கத்தில் நடக்க வேண்டும். சேமிக்க முடியும் என்றால் கசியக்கூடும். கசியும் என்றால் இறுக்கமான மூடி வேண்டும். வீட்டில் நாலு பேர் இருந்தால் யாருடைய கொட்டாவி யாருடையது என்ற குழப்பம் வரும். இப்படி அந்த ஒரு பொய்யிலிருந்தே அம்சங்கள் தானாகப் பிறக்கும். டார்ச் அதிலிருந்து பிறக்கவில்லை, அதனால்தான் அது ஒட்டாது.

ஊர்க்குருவி77

எங்கள் வீட்டில் அப்பாவுக்கு இரவில் தூக்கமே கிடையாது. மருத்துவர் கொடுத்ததும் சரியாக ஒத்துவரவில்லை. இந்த டப்பா எங்கே கிடைக்கும் என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும். ஆனால் டிவியில் வருவது என்றால் கொஞ்சம் பயம்தான். முன்பு முதுகு வலிக்கு என்று டிவியில் பார்த்து ஒரு பெல்ட் வாங்கினேன். வந்த நாளிலேயே கொக்கி பிய்ந்துவிட்டது. திருப்பி அனுப்பலாம் என்று கூப்பிட்டால் எடுக்கவே இல்லை.

வேணி_எழுத்து

ஐயா, இது மேடை நாடகத்துக்காக எழுதுவது. அப்படி ஒரு டப்பா எங்கும் இல்லை. அப்பாவை மறுபடி மருத்துவரிடம் காட்டி, கொடுத்தது ஒத்துவரவில்லை என்பதைச் சொல்லுங்கள், வேறு வழி சொல்வார்.

ஒன்று கேட்கலாமா? அந்த பெல்ட் விளம்பரத்தில் எந்த இடத்தில் உங்களுக்கு நம்பிக்கை வந்தது?

ஊர்க்குருவி77

ஓ, நாடகமா. சரி சரி.

அதில் ஒரு அம்மா வருவார். "முதலில் நானும் நம்பவில்லை" என்று தொடங்குவார். "இத்தனை செலவு பண்ணியாயிற்று, இதையும்தான் பார்ப்போமே என்று வாங்கினேன்" என்பார். நானும் அப்போது அதே நினைப்பில் இருந்தேன். என் மனதில் ஓடியதை அவர் வாயால் கேட்டதும் போனை எடுத்துவிட்டேன்.

டப்பிங்_தாத்தா

வேணி, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த வகை விளம்பரத்தின் முக்கியமான மூட்டு இதுதான். சாட்சி சொல்பவர் புகழ்ச்சியில் தொடங்க மாட்டார், சந்தேகத்தில் தொடங்குவார். பார்ப்பவர் கேட்கவேண்டிய கேள்வியை அவரே முந்திக் கேட்டுவிட்டால், பார்ப்பவரிடம் கேள்வி மிச்சம் இருக்காது.

போலி விளம்பரத்தில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு. டப்பாவைப் பற்றி ஜனங்கள் மனதில் இருக்கும் நியாயமான சந்தேகம் "அது வெறும் காலி டப்பாதானே?" என்பது. சாட்சி அதை வாய்விட்டுச் சொல்லட்டும். அப்புறம் அந்தச் சந்தேகத்தையே டப்பாவுக்குச் சான்றாகத் திருப்பிவிட வேண்டும். உதாரணத்துக்கு:

> முதலில் நானும் நம்பவில்லை. வெறும் டப்பா என்றுதான் நினைத்தேன். திறந்து பார்த்தேன், உள்ளே ஒன்றுமே இல்லை! விசாரித்தால், என் கணவர் முந்தின இரவே பயன்படுத்திவிட்டாராம்!

இந்த அம்மா பொய் சொல்லவில்லை, பகடியும் பண்ணவில்லை. காலியாக இருந்ததையே ஆதாரமாக எடுத்துக்கொண்டார். நடிக்கும்போது "பயன்படுத்திவிட்டாராம்" என்ற இடத்தில் கணவர் மேல் சின்னக் கோபம் தெரிந்தால் போதும். அசட்டுச் சிரிப்பு வேண்டாம்.

சட்டக்கல்லூரி_சாரு

இந்த இடத்தில் ஒரு பழைய வழக்கு நினைவுக்கு வருகிறது. ஒப்பந்தச் சட்டம் படிக்கிற யாரும் இதைத் தாண்டிப் போக முடியாது. 1891-இல் இங்கிலாந்தில் கார்பாலிக் ஸ்மோக் பால் என்ற நிறுவனம் ஒரு ரப்பர் பந்தை விற்றது. அதை மூக்கில் வைத்து உள்ளிருக்கும் பொடியை இழுத்தால் ஃப்ளூ வராது என்று விளம்பரம். சொன்னபடி ஒரு நாளைக்கு மூன்று முறை வீதம் இரண்டு வாரம் பயன்படுத்திய பிறகும் ஃப்ளூ வந்தால் 100 பவுண்டு தருவோம் என்றார்கள். எங்கள் அக்கறைக்குச் சாட்சியாக 1000 பவுண்டை வங்கியில் போட்டுவைத்திருக்கிறோம் என்றும் சேர்த்தார்கள். திருமதி கார்லில் சொன்னபடியே பயன்படுத்தினார், ஃப்ளூ வந்தது, பணம் கேட்டார். "அது சும்மா விளம்பரப் பேச்சு, யாரும் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார்கள்" என்று நிறுவனம் வாதாடியது. 1892-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வங்கியில் பணம் போட்டோம் என்று சொன்ன பிறகு சும்மா பேச்சு என்று எப்படிச் சொல்வது?

இங்கே நமக்கு வேண்டியது சட்டம் அல்ல. "உலகிலேயே சிறந்த டப்பா" என்பது வெறும் பேச்சு, காதில் விழுந்து போய்விடும். "மூன்று முறை, இரண்டு வாரம், வங்கியில் பணம்" என்பது வாக்குறுதி போல ஒலிக்கிறது. விற்பனைக் குரலின் தைரியம் பெரிய சொற்களில் இல்லை, சின்னச் சின்ன நிபந்தனைகளில் இருக்கிறது. வேணியின் வரைவில் அப்படி ஒரு விவரமும் இல்லை. உத்தரவாதம் ஒன்றை நிபந்தனையோடு எழுதிப் பாருங்கள்.

வேணி_எழுத்து

சாரு, இது சரியான பிடி. இப்படி எழுதினால் எப்படி இருக்கும்?

> டப்பாவிலிருந்து கொட்டாவி கசிந்தால், கசிந்த கொட்டாவியை முப்பது நாட்களுக்குள் எங்களிடம் கொண்டுவந்து காட்டுங்கள். முழுப் பணமும் வாபஸ்!

சட்டக்கல்லூரி_சாரு

அருமை. "முப்பது நாட்களுக்குள்" என்பதைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் இதை நிஜ உத்தரவாதமாக ஒலிக்க வைக்கிறது.

மேடை_ராகவி

கல்லூரியில் நாடகம் போட்டுக்கொண்டிருக்கிறேன். இந்தப் பொருளுக்கே உரிய ஒரு சிக்கலை யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன்.

கொட்டாவி தொற்றும். பார்த்தால் மட்டுமல்ல, அதைப் பற்றிப் படித்தாலும் கேட்டாலும்கூட வரும் என்று ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். இந்த இழையைப் படிக்கும்போதே உங்களில் சிலருக்கு வந்திருக்கும். மேடையில் இரண்டு பேர் திரும்பத் திரும்பக் கொட்டாவி விட்டால் அரங்கில் பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள். அடுத்து வரும் நிகழ்ச்சிக்கு அரங்கமே சோர்ந்து உட்கார்ந்திருக்கும். ஒரு கொட்டாவி சராசரியாக ஆறு நொடி ஓடும். இரண்டு நிமிட ஸ்கிரிப்ட்டில் நாலு கொட்டாவி என்றால் அதற்கே கிட்டத்தட்ட அரை நிமிடம் போய்விடும்.

ஒன்று, கொட்டாவியை ஒரு முறை முழுதாகக் காட்டிவிட்டு மற்றதை எல்லாம் பாதியில் வெட்டுங்கள். வாய் திறந்ததும் டப்பா வந்து பிடித்துக்கொள்ளட்டும். இல்லை என்றால் துணிந்து அதையே பயன்படுத்துங்கள்.

டப்பிங்_தாத்தா

ராகவி சொன்ன இரண்டாவது வழிதான் என் ஆசை. இந்த விளம்பரங்களின் உயிரே நேரடிச் செயல்விளக்கம். தக்காளியை மெல்லிசாக நறுக்கிக் காட்டுவார்கள், கம்பளத்தில் சாயத்தை ஊற்றித் துடைத்துக் காட்டுவார்கள். கூவி விற்பவர் பேசும்போது கை சும்மா இருக்காது. கண்ணுக்கு முன்னால் ஏதாவது நடந்துகொண்டே இருந்தால் காதில் விழுவதை யாரும் கேள்வி கேட்பதில்லை.

வேறு எந்தப் போலிப் பொருளுக்கும் இல்லாத வாய்ப்பு வேணிக்கு இருக்கிறது. டப்பாவை அரங்கத்தைப் பார்த்துத் திறந்து, நடிகர் ஒரு நல்ல கொட்டாவி விட்டால் ஜனங்களில் சிலர் நிஜமாகவே கொட்டாவி விடுவார்கள். அந்த நொடியில் அறிவிப்பாளர் விரலை நீட்டி, "பாருங்கள், நேரலையில்!" என்று சொல்ல வேண்டும். இல்லாத பொருள் கண்முன்னால் வேலை செய்துவிடும்.

மேடை_ராகவி

யாரும் கொட்டாவி விடவில்லை என்றால்? தொற்றும் என்றாலும் எல்லோருக்கும் தொற்றாது, அந்த நொடியிலேயே வரும் என்றும் உறுதி இல்லை. விரலை நீட்டிவிட்டு வெறும் முகங்களைப் பார்த்து நிற்பது மேடையில் பெரிய அவஸ்தை.

டப்பிங்_தாத்தா

வராவிட்டாலும் விற்பவர் அசர மாட்டார். "பார்த்தீர்களா? மூடியைத் திறந்த பிறகும் ஒரு கொட்டாவிகூட வெளியே சிந்தவில்லை. அவ்வளவு இறுக்கம்!" என்பார். எது நடந்தாலும் பொருளுக்குச் சாதகம். நிஜ விற்பனைப் பேச்சும் அப்படித்தான்.

கலகல_மணி

இந்த இடத்தில் தாத்தாவோடு முழுக்க உடன்படுகிறேன். டார்ச்சை வாபஸ் வாங்கிவிட்டேன். இன்னொன்று, நேரம். நிமிடத்துக்கு 150 வார்த்தை என்பது குரல் பதிவில் பொதுக் கணக்கு. இரண்டு நிமிடத்துக்கு 300 வார்த்தை எழுதலாம்.

டப்பிங்_தாத்தா

அது ஆங்கிலத்துக்கான கணக்கு, மணி. தமிழில் ஒரே வார்த்தைக்குள் வினை, காலம், ஆள் எல்லாம் ஏறிக்கொள்ளும். "வீணாகிக்கொண்டிருக்கின்றன" என்பது ஒரே வார்த்தைதான், சொல்லிப் பாருங்கள், எத்தனை மூச்சு! மொழிபெயர்த்து வரும் விளம்பரங்களில் எங்களுக்கு இதுதான் தலைவலி. படத்தில் அவர் வாயை மூடி முடித்திருப்பார், தமிழ் வரி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் அந்தக் குரல்கள் எல்லாம் அவசரமாகக் கேட்கும். வார்த்தையை எண்ணாதீர்கள், கடிகாரத்தை வைத்துக்கொண்டு சத்தமாக வாசித்துப் பாருங்கள். "வீணாகின்றன" என்று சொன்னாலே போதும் என்றால் அதையே வையுங்கள்.

விற்பவர் வாயில் "வரலாம்", "இருக்கக்கூடும்", "சில சமயம்" எல்லாம் வராது. வாக்கியம் முடியும் இடமெல்லாம் உறுதியாக முடியும். "பிடியுங்கள். மூடுங்கள். திறங்கள். அவ்வளவுதான்!" இந்த "அவ்வளவுதான்" இல்லாமல் எந்தச் செயல்விளக்கமும் முடிந்ததாக நான் பார்த்ததில்லை. தயங்கும் வினைகளை எல்லாம் கடைசியில் வேகமாக வாசிக்கும் எச்சரிக்கைக்கு ஒதுக்கிவையுங்கள்.

மேடை_ராகவி

மேடைக்கு என்று இன்னொரு விஷயம். டிவியில் சிரிப்புக்குக் காத்திருக்க வேண்டாம், மேடையில் ஜனங்கள் சிரித்தால் அடுத்த வரி காதில் விழாது. ஆனால் அறிவிப்பாளர் நிறுத்திக் காத்திருந்தால் விற்பனை வேகம் போய்விடும், அவருக்கும் இது நகைச்சுவை என்று தெரிந்ததாகிவிடும்.

சிரிப்பு வரும் என்று நினைக்கும் வரிக்கு அடுத்து, தொலைந்தாலும் நஷ்டமில்லாத வரியைப் போடுங்கள். "ஆம், நீங்கள் கேட்டது சரிதான்!", "நம்பமுடியவில்லையா?" போன்றவை. நிஜ விளம்பரத்திலேயே இவை நிறைய உண்டு, அதனால் பாணியும் கெடாது. சிரிப்பு அந்த வரியை விழுங்கட்டும், முக்கியமான வரி அதற்குப் பிறகு வரட்டும்.

பொம்மைக்_கொல்லன்

டப்பாவை யார் செய்கிறார்கள்? அட்டையில் பெயின்ட் அடித்துக் கொண்டுவந்து விடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். ஜப்பானில் கென்ஜி கவகாமி என்பவர் சிந்தோகு என்று ஒரு கலையையே வளர்த்தார். காலணி நனையாமல் இருக்க அதன் நுனியில் குட்டிக் குடை, அந்த மாதிரியான கண்டுபிடிப்புகள். அதற்கு அவர் வகுத்த விதிகளில் ஒன்று, பொருளை நிஜமாகவே செய்திருக்க வேண்டும் என்பது. கையில் பிடிக்க முடிகிற பொருள் என்றால்தான் அபத்தத்துக்கு எடை வரும். அவருடைய இன்னொரு விதி, அதை விற்கக் கூடாது என்பது. அந்த ஒன்றில்தான் வேணியின் ஆள் வேறு பக்கம் போகிறார்.

டப்பாவுக்கு மூடும்போது "டக்" என்று பூட்டும் கிளிப் வேண்டும். இறுக்கமான மூடி உள்ள நல்ல பிளாஸ்டிக் டப்பா எடுத்து, வாய் வைக்கும் இடத்தில் புனல் ஒட்டுங்கள். மூடி இறுகும் சத்தம் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும், அதனால் மைக்குக்குப் பக்கத்தில் மூடுங்கள். நிறம் வெள்ளை. மருத்துவப் பொருள் போலத் தெரிந்தால் நம்பிக்கை கூடும்.

சட்டக்கல்லூரி_சாரு

மருத்துவப் பொருள் போலத் தெரிவதுதான் எனக்கு உறுத்துகிறது. மேடையில் பரவாயில்லை. யாராவது குரலை மட்டும் வெட்டி அனுப்பினால் என்ன ஆகும்? மேலே ஊர்க்குருவி ஐயா அப்பாவுக்காகக் கேட்டார். இங்கே "போலி" என்று தலைப்பிலேயே இருந்தும் கேட்டார். தூக்கம் இல்லாமல் தவிக்கிறவர் எதையும் நம்பத் தயாராக இருப்பார். "தூக்கமின்மை குணமாகும்" என்ற சொல்லை மட்டும் எங்கும் பயன்படுத்தாதீர்கள். விலைக்கும் எண் வேண்டாம், அழைக்க எண்ணும் வேண்டாம்.

டப்பிங்_தாத்தா

"குணமாகும்" வேண்டாம் என்பது சரி. ஆனால் அழைக்கும் எண் இல்லாமல் இந்த விளம்பரம் முடிந்த மாதிரியே இருக்காது. திரையில் எண் மின்னும் இடத்தில்தான் அந்தக் குரல் உச்சத்துக்கு ஏறும்.

சட்டக்கல்லூரி_சாரு

எந்த எண்ணைச் சொன்னாலும் அது யாரோ ஒருவருடையதாக இருக்கும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வேணி_எழுத்து

இருவருக்கும் நடுவில் ஒரு வழி பிடித்திருக்கிறேன். மாற்றி எழுதியதை முழுதாகப் போடுகிறேன். சத்தமாக வாசித்தால் கொட்டாவியோடு சேர்த்து இரண்டு நிமிடத்துக்குள் அடங்குகிறது.

> (மங்கிய வெளிச்சம். மேசையில் ஒருவர். எதிரில் மேலாளர். வாயைப் பொத்தக் கை தூக்கும்போது தண்ணீர்க் குவளை சாய்ந்து காகிதமெல்லாம் நனைகிறது.)
>
> குரல்: மதியம் மூன்று மணி. முக்கியமான கூட்டம். மீண்டும் அதே பிரச்சினை!
>
> அவர்: (முழுக் கொட்டாவி) ஐயோ, இன்னொன்று வீணாகப் போய்விட்டதே!
>
> குரல்: நாள்தோறும் எத்தனை அருமையான கொட்டாவிகள் காற்றில் வீணாகின்றன! ஆனால் இரவு இரண்டு மணிக்கு?
>
> அவர்: (நாற்காலியில் படுத்து, விழித்த கண்ணோடு) ஒரே ஒரு கொட்டாவி இருந்தால் போதுமே!
>
> குரல்: இனி அந்தக் கவலை வேண்டாம்! (பளீர் வெளிச்சம்) அறிமுகம், கொட்டாவி டப்பா! பகலில் வருவதைப் பிடியுங்கள். மூடுங்கள். (டக்) இரவில் திறங்கள். அவ்வளவுதான்! மூன்றடுக்கு ரப்பர் வளையம். ஒரு சொட்டுச் சோம்பல்கூட வெளியே போகாது. ஆம், நீங்கள் கேட்டது சரிதான்!
>
> அம்மா: முதலில் நானும் நம்பவில்லை. வெறும் டப்பா என்றுதான் நினைத்தேன். திறந்து பார்த்தேன், உள்ளே ஒன்றுமே இல்லை! விசாரித்தால், என் கணவர் முந்தின இரவே பயன்படுத்திவிட்டாராம்!
>
> குரல்: நம்பமுடியவில்லையா? இதோ, உங்கள் கண்ணெதிரே! (டப்பா அரங்கை நோக்கித் திறக்கிறது. அம்மா மெதுவாகக் கொட்டாவி விடுகிறார். குரல் அரங்கைப் பார்க்கிறது. வந்தால்:) பாருங்கள், நேரலையில்! (வராவிட்டால்:) பார்த்தீர்களா, திறந்த பிறகும் ஒன்றுகூடச் சிந்தவில்லை!
>
> குரல்: இதன் விலை எவ்வளவு இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? அதில் பாதிதான். இன்று மட்டும், அந்தப் பாதியிலும் பாதி! பொறுங்கள், இது மட்டுமல்ல! யாருடைய கொட்டாவி என்று எழுதி ஒட்ட, பெயர்ச் சீட்டுகள் முற்றிலும் இலவசம்! கசிந்தால், கசிந்த கொட்டாவியை முப்பது நாட்களுக்குள் எங்களிடம் கொண்டுவந்து காட்டுங்கள். முழுப் பணமும் வாபஸ்! எங்கள் எண்ணை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்: ஒன்பது, எட்டு, ஏ... ஏ... ஆ... (கொட்டாவியில் குரல் கரைகிறது. அம்மா ஓடிவந்து அவர் வாயருகே டப்பாவைப் பிடித்து மூடுகிறார். டக்.)
>
> வேறு குரல் (மிக வேகமாக): வாகனம் ஓட்டும்போது திறக்க வேண்டாம். பிறர் கொட்டாவியைப் பயன்படுத்தினால் பிறர் கனவு வரக்கூடும். தும்மலுக்கும் ஏப்பத்துக்கும் ஏற்றதல்ல. நிரம்பிய டப்பாவும் காலி டப்பாவும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

டப்பிங்_தாத்தா

எண் சொல்லும்போதே கொட்டாவி வந்து விழுங்கிவிடுவது பிரமாதம். சாருவுக்கும் நிம்மதி, எனக்கு என் உச்சக் குரலும் கிடைத்தது. பெயர்ச் சீட்டு நல்ல இலவசம், அந்த ஒரு பொய்யிலிருந்தே பிறந்தது.

ஒரே ஒரு குறை. "ஒரு சொட்டுச் சோம்பல்" என்று வருகிறதே, அங்கே டப்பாவில் இருப்பது கொட்டாவியா சோம்பலா என்று குழப்பம் வருகிறது. பிடிப்பது ஒன்றுதான் என்றால் கடைசி வரை அந்த ஒன்றாகவே இருக்கட்டும்.

கலகல_மணி

எனக்கு அந்த வரிதான் அதிகம் பிடித்தது, தாத்தா. வாசிக்கும்போது முதல் சிரிப்பு அங்கேதான் வந்தது. எடுக்காதீர்கள்.

மேடை_ராகவி

மணி பக்கம்தான் நானும். தர்க்கம் சற்றே தளர்ந்தாலும் ஒலி நன்றாக இருக்கிறது. ஆனால் எனக்கு வேறொரு கவலை. "நிரம்பிய டப்பாவும் காலி டப்பாவும்" என்பதுதான் மொத்தத்திலும் சிறந்த வரி. அதை மிக வேகமாக வாசித்தால் கடைசி வரிசைக்குப் போய்ச் சேராது. முன்னால் இருக்கும் மூன்று எச்சரிக்கைகளையும் ஓட்டமாக ஓட்டிவிட்டு, அதற்கு முன் ஒரு மூச்சு எடுத்து இதை மட்டும் நிதானமாகச் சொல்லச் சொல்லுங்கள்.

டப்பிங்_தாத்தா

நிதானித்தால் அது நகைச்சுவை வரி என்று காட்டிக்கொடுத்த மாதிரி ஆகாதா? எச்சரிக்கை வாசிப்பவருக்கு எல்லா வரியும் ஒன்றுதான், சீக்கிரம் முடித்துவிட்டுப் போகவேண்டும். வேகம் குறையாமல் உச்சரிப்பு மட்டும் தெளிவாக இருக்கட்டும்.

வேணி_எழுத்து

சோம்பலை இப்போதைக்கு வைத்துக்கொள்கிறேன். கடைசி வரியை ஒத்திகையில் இரண்டு விதமாகவும் வாசிக்கச் சொல்கிறேன், இதுவரை ஸ்கிரிப்ட்டைக் கேட்காத நாலு பேரைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து. எதில் சிரிப்பு வந்தது என்று இங்கேயே வந்து எழுதுகிறேன். கொல்லரே, அந்தப் புனல் எந்த அளவில் இருந்தால் வாய்க்கு முன்னால் முகம் மறையாமல் இருக்கும்?

பொம்மைக்_கொல்லன்

உள்ளங்கை அகலம் போதும். அதற்கு மேல் போனால் நடிகரின் கண் மறைந்துவிடும், இந்தக் காட்சியில் கண்தான் முக்கியம். புனலை டப்பாவின் பக்கவாட்டில் ஒட்டுங்கள், மூடியில் ஒட்டினால் கிளிப் பூட்டாது.